பிந்துவதைக் குரலில் சொல்வதா, எழுத்தில் சொல்வதா?

கேள்வி:

நான் நெல்லியடியில் இருந்து யாழ்ப்பாண நகரத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். காலை 7 மணிக்குப் பதிவுக் கவுண்டரைத் திறப்பது என் பொறுப்பு. பஸ் பிந்தும் நாட்களில் எங்கள் பொறுப்பாளர் மிஸ்ஸுக்கு வட்ஸ்அப்பில் வொய்ஸ் போட்டு அறிவிப்பேன். பஸ்ஸில் நின்றுகொண்டு ரைப் பண்ணுவது கஷ்டம். என் குரலைக் கேட்டால் நான் பொய் சொல்லவில்லை என்று விளங்கும் என்றும் நினைத்தேன். போன கிழமை அவர், "இனி எனக்கு வொய்ஸ் போட வேண்டாம், வீட்டிலை கதைக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். ஆனால் அவர் எங்களுக்கு வொய்ஸ்தான் போடுகிறார். அன்றைக்கு 6.18க்கு நான் போட்டது 41 செக்கன். அதை அப்படியே எழுதுகிறேன்:

"மிஸ், குட் மோர்னிங். நான் நெல்லியடிச் சந்தியிலைதான் நிக்கிறன் மிஸ். வழமையா வாற பஸ் இண்டைக்கு வரேல்லை. அடுத்தது வந்தது, ஆனா ஒரே சனம், ஏறேலாமல் போட்டுது. இப்ப ஒண்டு வருது, அதிலை ஏறியிடுவன். இந்தா வந்திடுவன் மிஸ், கொஞ்சம் சுணங்கும், குறை நினைக்காதேங்கோ."

இதில் என்ன பிழை?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எழுதி அனுப்பிய பதிவில் மரியாதைக் குறைவான சொல் ஒன்றுகூட இல்லை. மூன்று இடத்தில் "மிஸ்" என்று விளித்திருக்கிறீர்கள், "குறை நினைக்காதேங்கோ" என்று பணிவாக முடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த 41 செக்கனில் ஒரு மணிக்கணக்குக்கூட இல்லை. எத்தனை மணிக்கு நீங்கள் கவுண்டரில் இருப்பீர்கள் என்பதுதான் அந்த நேரத்தில் உங்கள் பொறுப்பாளருக்குத் தேவைப்பட்ட ஒரே தகவல். பதிவை முழுதாகக் கேட்டு முடித்தவருக்கும் அது கிடைக்காது.

இது உங்களுடைய கவனக்குறைவு மட்டும் அல்ல. நாம் பேசும்போது நேரத்தைச் சொல்லும் விதமே அப்படித்தான் இருக்கிறது. "இந்தா வந்திடுவன்" என்பது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், முக்கால் மணித்தியாலமாகவும் இருக்கலாம். "கிட்ட வந்திட்டன்" என்று சொல்பவர் கோப்பாயிலும் நிற்கலாம், வல்லை வெளியிலும் நிற்கலாம். வீட்டில் இந்தச் சொற்கள் போதும், ஏனென்றால் அங்கே நாம் சொல்வது நேரத்தை அல்ல, "பயப்பட வேண்டாம், வந்துகொண்டிருக்கிறேன்" என்ற ஆறுதலைத்தான். எழுத உட்காரும்போது மட்டும் இந்தச் சொற்கள் நம்மிடம் தயங்குகின்றன. "கொஞ்சம் சுணங்கும்" என்று எழுதிவிட்டுப் பார்த்தால் அதில் ஏதோ குறைவது கண்ணுக்கே தெரியும், கை தானாக ஓர் இலக்கத்தைச் சேர்க்கப் பார்க்கும். மைக்கை அழுத்திப் பேசும்போது அந்தக் குறை நமக்குக் கேட்பதில்லை.

இனி, நீங்கள் 6.18க்கு அனுப்பிய அந்தப் பதிவு உங்கள் பொறுப்பாளரின் காலைப்பொழுதுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று பார்ப்போம். அவரை நான் அறியேன். ஆனால் காலை 7 மணிக்குத் திறக்கும் ஓர் இடத்துக்குப் பொறுப்பானவர் 6.18க்கு எந்த நிலையில் இருப்பார் என்பதை ஊகிப்பது கடினம் அல்ல. அடுப்படியிலோ, பிள்ளையைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்திக்கொண்டோ இருப்பார். தொலைபேசி அதிர்கிறது. பூட்டிய திரையில் உங்கள் பெயரும், பக்கத்தில் ஒரு மைக் அடையாளமும், 0:41 என்ற இலக்கமும் தெரிகின்றன. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நீங்கள் பிந்துகிறீர்களா, வரவே மாட்டீர்களா, நேற்றைய கணக்கில் ஏதும் சந்தேகமா என்று அந்தத் திரை அவருக்குச் சொல்லாது. ஈரக் கையைத் துடைத்து, தொலைபேசியைத் திறந்து, சத்தமில்லாத மூலைக்குப் போய்க் காதில் வைத்துக் கேட்டால்தான் தெரியும். "பிறகு கேட்பம்" என்று அவர் நினைத்திருந்தால் அதில் குற்றம் காண முடியாது. அவர் மோட்டார் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ புறப்பட்டுவிட்டால் தொலைபேசி கைப்பைக்குள் போய்விடும். அதைத் திரும்ப எடுப்பது ஆய்வுகூடத்துக்கு வந்த பிறகுதான். அப்போது மூடிய கவுண்டருக்கு முன்னால் ஆட்கள் நிற்பார்கள்.

அந்த ஆட்கள் யார் என்பது உங்கள் தொழிலில் மிகவும் முக்கியம். காலை முதல் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வெறும் வயிற்றில் வந்தவர்கள். சீனி பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணித்தியாலம், கொழுப்பு பார்ப்பதற்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணித்தியாலம் வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் எடுக்காமல் வரச் சொல்லியிருப்பார்கள். அவர்களில் நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் வயதானவர்களும் இருப்பார்கள். ஒரு புத்தகக் கடை அரை மணித்தியாலம் பிந்தித் திறப்பதும், பட்டினியோடு வந்த ஒரு முதியவரை அரை மணித்தியாலம் கூடுதலாக நிறுத்தி வைப்பதும் ஒன்றல்ல. நெல்லியடியில் இருந்து நகரத்துக்கு வந்து சேரக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் பிடிக்கும் என்பதால், நீங்கள் 7.30 அளவில் வருவீர்கள் என்று 6.18க்கே கணக்கிட்டிருக்கலாம். கவுண்டர் திறக்க இன்னும் 42 நிமிடம் இருந்தது. நகரத்துக்குக் கிட்ட இருக்கும் ஒருவரை அழைத்து, "இன்றைக்கு நீங்கள் 7க்கு வந்து திறவுங்கள்" என்று சொல்வதற்கு அது தாராளமாகப் போதும். அந்த 42 நிமிடமும் ஒரு மைக் அடையாளத்துக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தது.

இதே செய்தியை எழுத்தில் வைத்துப் பாருங்கள்:

"மிஸ், இன்று 7.35க்குத்தான் வருவேன். பஸ் பிந்திவிட்டது. 7 மணிக்குக் கவுண்டரைத் திறக்க வேறு ஒருவரை விட முடியுமா? மன்னிக்கவும்."

முதல் வசனம் பூட்டிய திரையிலேயே தெரிந்துவிடும். அவர் தொலைபேசியைத் தொடவும் வேண்டியதில்லை. விளிக்கு அடுத்ததாக நேரம் வருகிறது, காலை வணக்கம் இல்லை. வணக்கம் சொல்வது நல்ல பழக்கம்தான், ஆனால் பிந்தும் நாளில் திரையில் தெரியும் சிறிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், அதை நேரில் சொல்லிக்கொள்ளலாம். 7.30 என்று எழுதாமல் 7.35 என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. நீங்கள் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முந்தி வந்தால் எவரும் கணக்கெடுக்கமாட்டார்கள். சொன்ன நேரத்தையும் தாண்டினால் அது இரண்டாவது பிந்தலாகவே எண்ணப்படும். காரணத்துக்கு இரண்டு சொல் போதும். எந்தப் பஸ் வரவில்லை, எதில் எவ்வளவு சனம் என்ற விபரம் அந்த நேரத்தில் அவருக்குப் பயன்படாது. மூன்றாவது வசனம், அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்களே யோசித்து வைத்திருக்கிறீர்கள் என்று காட்டுகிறது. "குறை நினைக்காதேங்கோ" என்ற வேண்டுகோளைவிட இந்த வசனத்தில்தான் பொறுப்புணர்ச்சி கூடுதலாகத் தெரியும்.

"வீட்டிலை கதைக்கிற மாதிரி" என்று அவர் சொன்னதையும் சற்று நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் உங்களைப் புண்படுத்தியது அந்தச் சொல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் மொழியில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் உள்ள தூரம் பெரியது. "வரேல்லை", "ஏறேலாமல் போட்டுது", "நிக்கிறன்" என்று சொல்லும் அதே ஆள், எழுதும்போது "வரவில்லை", "ஏற முடியவில்லை", "நிற்கிறேன்" என்று எழுதுவார். எழுத்துக்கு மாறியவுடனேயே ஓர் அலுவலகத் தோரணை தானாக வந்துவிடுகிறது, அதற்கென்று தனி முயற்சி தேவையில்லை. குரல் பதிவில் அந்த மாற்றம் நடப்பதில்லை, நடக்கவும் முடியாது. "நான் நெல்லியடிச் சந்தியில் நின்றுகொண்டிருக்கிறேன்" என்று ஒருவர் மைக்கில் பேசினால் அது வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். ஆகவே நீங்கள் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் குரல் பதிவு வீட்டுத் தமிழில்தான் போய்ச் சேரும். அதில் மரியாதையைச் சுமப்பது "-ங்கோ" என்ற விகுதியும் குரலின் தொனியும் மட்டுமே. அவசரத்தில் மூச்சு வாங்கப் பேசும்போது தொனி கெட்டுவிடுகிறது. சுற்றியுள்ள சத்தம் மிச்சத்தையும் கெடுக்கிறது. நம் தனியார் பஸ்களில் காலையிலேயே பாட்டுப் போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் தவிப்போடு பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு குத்துப்பாட்டு ஒலித்தால், கேட்பவர் காதில் இரண்டும் சேர்ந்தே விழும். தேநீர்க் கடையின் பேச்சுச் சத்தமோ, சிநேகிதி ஒருத்தியின் சிரிப்போ பதிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் குரல் உங்கள் உண்மைக்குச் சாட்சியாகும் என்று நீங்கள் நம்பினீர்கள். ஆனால் அந்தப் பதிவில் உங்கள் குரல் தனியே போவதில்லை, சந்தி முழுவதும் கூடவே போகிறது.

அவர் உங்களுக்குக் குரலில் அனுப்புகிறார், நீங்கள் மட்டும் எழுத வேண்டுமா என்ற உங்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் இரண்டு திசையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அவருடைய பதிவைக் கேட்பது உங்கள் கடமைக்குள் அடங்கும், அதற்காக ஒரு நிமிடம் ஒதுக்குவீர்கள். உங்களுடைய பதிவு அவரிடம் உதவி கேட்டுப் போகிறது. உதவி கேட்பவர் தன் வசதியை விட்டுக்கொடுப்பதும், உதவி கொடுப்பவருடைய நேரத்தை மிச்சப்படுத்துவதும் நம் ஊரில் எந்தக் கந்தோரிலும் பழைய வழக்கம். மேலிருந்து வரும் குரலை நெருக்கம் என்றும், கீழிருந்து போகும் குரலை அலட்சியம் என்றும் எடுத்துக்கொள்வது முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். பொறுப்பாளர்கள் தாம் செய்வதைப் பிறரும் செய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டும். ஆயினும் நாளைக் காலை பஸ் பிந்தினால் உங்களைக் காப்பாற்றப்போவது இந்த விவாதம் அல்ல, அவர் ஒரே பார்வையில் வாசிக்கக்கூடிய ஒரு வரிதான்.

குரல் பதிவுக்குள் என்னென்ன புதைந்துபோகலாம் என்பதை நான் என் தவறு ஒன்றின் மூலமாகத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன், பணியாளர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இடத்தில், அடிக்கடி பிந்தி வரும் ஒரு பையன் காலையில் 52 செக்கனுக்கு ஒரு பதிவு அனுப்பியிருந்தான். கூட்டத்துக்குள் போகும் அவசரத்தில் நான் அதை முதல் இருபது செக்கன் வரை கேட்டேன். மோட்டார் சைக்கிள் இரவு பழுதாகிவிட்டதையும், அதைத் திருத்துபவருடைய கடை இன்னும் திறக்கவில்லை என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தான். வழக்கமான கதைதானே என்று நிறுத்திவிட்டேன். அவன் வந்ததும் மற்றவர்கள் முன்னிலையில் கடிந்து பேசினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். மாலையில் அந்தப் பதிவை முழுதாகக் கேட்டபோது, நாற்பதாவது செக்கன் அளவில், இரவு தாயாருக்கு மூச்சுத் திணறல் வந்து பக்கத்து வீட்டாருடைய ஆட்டோவில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதாகச் சொல்லியிருந்தான். நான் முழுதாகக் கேட்டிருக்க வேண்டும், அது என் பிழை, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் "அம்மா ஆஸ்பத்திரியில்" என்ற இரண்டு சொல் எழுத்தில் வந்திருந்தால் நான் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்கும். குரலில் நாம் நடந்த ஒழுங்கில் கதை சொல்லுகிறோம், ஆகவே மிக முக்கியமானது கடைசியில் வந்து நிற்கிறது. கேட்பவரால் பதிவின் நடுவில் என்ன இருக்கிறது என்று கண்ணால் மேய்ந்து பார்க்க முடியாது. ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டாலும், அந்த நாற்பதாவது செக்கனுக்குக் காத்திருந்தே ஆக வேண்டும்.

உங்கள் பதிவை அவர் கேட்டாரா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அனுப்பிய குரல் பதிவின் பக்கத்திலுள்ள மைக் அடையாளம் சாம்பல் நிறத்தில் இருந்தால் அவர் இன்னும் ஓடவிட்டுக் கேட்கவில்லை, நீலமாக மாறினால் கேட்கத் தொடங்கியிருக்கிறார். நீலக்குறி காட்டாதபடி அமைப்பை மாற்றி வைத்திருப்பவர்களுக்கும் குரல் பதிவின் இந்த நீல மைக் மறைவதில்லை. ஆனால் அது முழுதாகக் கேட்டார் என்பதற்குச் சான்று அல்ல. என் திரையில் நான் இருபது செக்கனில் நிறுத்திய அந்தப் பதிவும் அந்தப் பையனுக்கு நீலமாகத்தான் தெரிந்திருக்கும். வேலை தொடங்க அரை மணித்தியாலத்துக்கும் குறைவாக இருக்க, குரல் பதிவின் மைக்கோ எழுத்துச் செய்தியின் குறிகளோ இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருக்குமானால், அழைத்துப் பேசுங்கள். அந்த நேரத்தில் ஓர் அழைப்பு எந்த விதத்திலும் தொந்தரவு ஆகாது. வேலையாட்கள் எல்லோரும் இருக்கும் குழுவில் பதிவைப் போட்டுவிட்டுத் தெரிவித்தாயிற்று என்று இருந்துவிடவும் வேண்டாம். குழுவில் எல்லோரும் கேட்டால்தான் மைக் நீலமாகும், யார் செயற்பட வேண்டுமோ அவர் அதைக் கேட்டாரா என்பது மைக்கின் நிறத்தில் தெரியாது.

குரல் பதிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நெடுந்தீவில் இருந்து வந்து வேலை செய்த வயதான ஒருவர் எங்களிடம் இருந்தார். அவருக்குத் தொலைபேசியில் எழுதத் தெரியாது. கண்ணும் சற்று மங்கல். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத ஒரு காலையில் அவர் எனக்கு அனுப்பியது பதினொரு செக்கன். "ஐயா, குறிகட்டுவானுக்குப் படகு ஓடேல்லை. இண்டைக்கு வரமாட்டன். ஸ்டோர் திறப்பு நேற்றே காவலாளியிட்டைக் குடுத்திட்டன்." அவ்வளவுதான். அது எனக்கு ஒருபோதும் அலட்சியமாகத் தோன்றவில்லை. படகு, வராமை, திறப்பு என்று எனக்குத் தேவையான மூன்றும் அந்த ஒழுங்கிலேயே இருந்தன. அவருக்கு வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. குரல் பதிவு அலட்சியமாகத் தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் இந்த இரண்டிலேயே தங்கியிருக்கிறது. எழுதக்கூடியவர் எழுதாமல் பேசினார் என்று கேட்பவர் நினைத்தால், தன் சிரமத்தை மிச்சம் பிடித்து அதை என் தலையில் போட்டார் என்றுதான் படும். பேசியதிலும் நேரத்தைச் சொல்லாமல் கதையைச் சொன்னால் அந்த எண்ணம் உறுதியாகிவிடும்.

அதேபோல, ஒரு சாவு வீட்டில் இருந்தோ, ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோ அறிவிக்க வேண்டி வந்தால், குரல் பதிவை எவரும் இலேசாக எடுக்கமாட்டார்கள். அப்போதும் "அப்பா காலமாகிவிட்டார், இன்று வரமாட்டேன்" என்ற ஒரு வரியை எழுத்தில் போட்டுவிட்டு, சொல்ல மனம் இருந்தால் மற்றதைக் குரலில் சொல்லுங்கள். எழுத்து முன்னே போய்ச் செய்தியைக் கொடுத்துவிட்டால், குரல் பின்னே வந்து கேட்கப்படுவதற்குக் காத்திருக்கலாம்.

இப்போது உங்கள் பஸ் சிரமத்துக்கு வருகிறேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தமிழில் ரைப் பண்ணுவது எளிதல்ல என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். இதற்கு என் முதல் யோசனை, செய்தியைப் பஸ்ஸுக்கு வெளியிலேயே எழுதிவிடுவது. அன்றைக்கு நீங்கள் பதிவு போட்டபோது இன்னும் சந்தியில்தான் நின்றிருக்கிறீர்கள். வழமையான பஸ் வரவில்லை என்று தெரிந்த நிமிடமே எழுதுவதற்கான நேரம், "இப்ப ஒண்டு வருது" என்ற நிமிடம் அல்ல. முதல் பஸ் தவறியதும் எழுதியிருந்தால் இரண்டு கையும் ஒழிந்திருக்கும், அவருக்கும் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அடுத்த பஸ்ஸில் எப்படியோ ஏறி, நேரத்துக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கையில் அறிவிப்பதைத் தள்ளிப்போடுவதுதான் பிந்துபவர்களிடம் நான் மிக அதிகமாகக் கண்ட பிழை.

எழுதும் வேலையையும் பெருமளவு குறைக்கலாம். மேலே நான் எழுதிக் காட்டிய செய்தியை இன்றைக்கே ஆறுதலாக இருந்து தட்டி, வட்ஸ்அப்பில் உங்கள் சொந்த இலக்கத்துக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் காலையில் அதைப் பிரதி எடுத்துப் பொறுப்பாளருடைய பெட்டியில் ஒட்டி, நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு மூன்று இலக்கத்தை மாற்ற ஒரு பெருவிரலே போதும். அதுவும் முடியாவிட்டால், பேசியே எழுதலாம். வட்ஸ்அப்பின் மைக் ஒன்று, விசைப்பலகைக்குள் இருக்கும் மைக் இன்னொன்று. முன்னது உங்கள் குரலை அனுப்பும். பின்னது நீங்கள் பேசுவதை எழுத்தாக்கித் தரும். பெரும்பாலான அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் உள்ள Gboard விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் அந்த மைக் தமிழ் பேச்சையும் எழுதும். எழுத்துத் தமிழுக்குக் கிட்டவாக, ஆறுதலாகப் பேசினால் பிழை குறையும். "ஏழு முப்பத்தைந்துக்கு வருவேன்" என்று சொன்னால் விளங்கிக்கொள்ளும், "ஏழரை தாண்டும்" என்பதை எப்படி எழுதும் என்று உறுதி இல்லை. எதுவானாலும் அனுப்புமுன் இலக்கத்தை மட்டும் ஒரு தடவை பாருங்கள். நேரம் பிழையாகப் போனால், செய்தி போகாததைவிடக் கேடு. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது உங்களுக்கு இலகு என்றால், அவரும் அப்படி எழுதுபவராக இருந்தால், அதுவும் போதும். இந்தச் செய்தியில் எழுத்தின் அழகு கணக்கில் இல்லை.

எழுத்துக்கு இன்னொரு பயன் உண்டு, அது உங்கள் பக்கத்துக்கானது. சிக்னல் குறைந்த இடத்தில் ஒரு வரி எழுத்து எப்படியோ போய்விடும். குரல் பதிவு அதைவிடப் பல மடங்கு பெரிய கோப்பு என்பதால் கடிகார அடையாளத்தோடு அங்கேயே நிற்கும், நீங்கள் அனுப்பிவிட்டதாக எண்ணிக்கொண்டிருப்பீர்கள். மாத முடிவில் வரவு இடாப்பையும் சிவப்புக் கோட்டையும் வைத்துப் பிந்திய நாட்களைக் கணக்கெடுக்கும்போதும் வித்தியாசம் தெரியும். "பிந்திவிட்டது" என்ற சொல்லைத் தேடினால் நீங்கள் எழுதி அறிவித்த நாட்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். குரல் பதிவுகளில் அப்படித் தேட முடியாது, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எது எதைப் பற்றியது என்று கண்டுபிடிக்க வேண்டும். அறிவிக்காமல் பிந்தினீர்கள் என்று ஒரு நாள் ஒரு கேள்வி வந்தால், அந்த வரிகள் உங்களுக்காகப் பேசும்.

உங்கள் பொறுப்பாளரோடு இதை எப்படிப் பேசித் தீர்ப்பது என்பது மிச்சம். போன கிழமை நடந்ததைக் கிளறி விளக்கம் சொல்லப் போக வேண்டாம். நோயாளர் கூட்டம் குறைந்த ஒரு நேரமாகப் பார்த்து, "மிஸ், இனிமேல் பிந்தினால் எழுத்தில் அறிவிக்கிறேன். உங்களுக்குச் செய்தி போட்டால் போதுமா, இல்லை 6.45க்குப் பிறகு என்றால் கோல் எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில்தான் அந்த இடத்துக்குரிய வழக்கம் இருக்கிறது. சிலர் கோல் எடுப்பதை விரும்புவார்கள். சிலர், கவுண்டரைத் திறக்கக்கூடிய மற்றவருக்கும் நேரடியாக ஒரு செய்தி போடச் சொல்வார்கள். இன்னும் சிலர், எழுத்தில் நேரத்தைச் சொன்னால் போதும், பிறகு வொய்ஸ் போட்டாலும் பரவாயில்லை என்பார்கள். அப்படி அனுமதி கிடைத்தால், குரல் பதிவைப் பத்துப் பதினைந்து செக்கனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மைக்கை மேலே தள்ளிப் பூட்டிப் பதிந்துவிட்டு, அனுப்புமுன் ஒரு தடவை நீங்களே கேளுங்கள். பின்னால் பாட்டுக் கேட்டால் அழித்துவிட்டு எழுத்தோடு நிறுத்துங்கள்.

நீங்கள் சொன்ன நேரம் மாறிவிட்டால் உடனே இரண்டாவது வரியையும் போடுங்கள். புத்தூரில் பஸ் நின்று இன்னும் கால் மணித்தியாலம் போகும் என்றால் "மிஸ், 7.50 ஆகும்" என்பது போதும், காரணம் தேவையில்லை. எதிர்பாராமல் முந்தி வந்துவிட்டாலும் "மிஸ், வந்துவிட்டேன், 7.20" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கவுண்டருக்குப் போங்கள், ஏனென்றால் உங்களுக்குப் பதிலாக வரச்சொல்லப்பட்டவர் அந்த நேரம் இன்னும் வழியில் இருக்கவும் கூடும்.